இரண்டு ஊருக்கு ஒரே பெயர்: ஒரு தாள் ஒரு நாட்டின் வானத்தை முடக்கிய கதை

ஐரோப்பாவின் வானத்தில் பறக்கப்போகும் பயணிகள் விமானம் எதுவானாலும், கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பாக அதன் ஃப்ளைட் பிளான் ஒரு கணினிக்குப் போய்ச் சேர வேண்டும். எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்கு, என்ன ரக விமானம், என்ன உயரம், எந்த வழி என்று ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும் குறியீட்டுக் குறிப்பு அது. யூரோகன்ட்ரோல் என்ற ஐரோப்பிய அமைப்பு நடத்தும் அந்தக் கணினி முறையின் பெயர் ஐஎஃப்பிஎஸ். பிரஸ்ஸல்ஸ் அருகே ஒன்றும் பாரிஸ் அருகே ஒன்றுமாக அதற்கு இரண்டு நிலையங்கள். கோடைக்காலத்தில் ஒரே நாளில் 30,000-க்கும் மேற்பட்ட விமானங்களின் திட்டங்களை அது பார்க்கிறது.

பார்ப்பது என்றால் வாங்கி அடுக்கி வைப்பதல்ல. ஒவ்வொரு திட்டத்துக்கும் மூன்றில் ஒரு பதில் போயாக வேண்டும். சரியாக இருந்தால் ACK: ஏற்றுக்கொள்ளப்பட்டது. சின்னச் சிக்கல், மனிதர் ஒருவர் பார்த்தால் தீரும் என்றால் MAN: ஊழியரின் வரிசைக்குப் போகிறது. திருத்த முடியாத பிழை என்றால் REJ: திருப்பி அனுப்பப்படுகிறது. அப்படித் திருப்பி அனுப்பும்போது காரணமும் கூடவே போகும். வழியில் எழுதப்பட்ட ஒரு புள்ளியின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். விமான நிறுவனத்தில் திட்டம் தயாரித்த டிஸ்பேச்சரின் திரையில் இப்படி ஒரு பதில் வந்து நிற்கும் (இங்குள்ள புள்ளியின் பெயர் மட்டும் கற்பனை):

```
-TITLE REJ
-MSGTYP FPL
-ERROR ROUTE130: UNKNOWN DESIGNATOR KOPRX
```

கடைசி வரியில் அவருக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. பிழை வழியில் இருக்கிறது, உயரத்திலோ நேரத்திலோ இல்லை. இன்ன பெயர்தான் புரியவில்லை. எழுத்துப் பிழையாக இருக்கலாம், பழைய வரைபடத்தில் இருந்த பெயராகவும் இருக்கலாம். அவர் பார்த்து, திருத்தி, மறுபடி அனுப்புகிறார். விமானம் இன்னும் வாசலில்தான் நிற்கிறது. பயணிகளுக்கு நடந்தது எதுவும் தெரியாது.

இந்தச் சோதனைக்குப் பல அடுக்குகள் உண்டு. முதலாவது, வடிவம். புறப்படும் விமான நிலையத்துக்கு நான்கு எழுத்து, அதை ஒட்டி நேரத்துக்கு நான்கு இலக்கம். விமானத்தின் அழைப்புப் பெயர் ஏழு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. ஓர் இலக்கம் குறைந்தாலும் கணினி அங்கேயே நிறுத்திவிடும். அடுத்தது, பெயர்கள் உண்மையில் இருக்கின்றனவா என்பது. அதையும் தாண்டினால், ஒரு கட்டத்தில் எழுதியதும் இன்னொரு கட்டத்தில் எழுதியதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும். இந்த மூன்றாவது அடுக்கில்தான் நுட்பம் இருக்கிறது. உதாரணமாக, 29,000 அடியிலிருந்து 41,000 அடி வரையுள்ள உயரங்களில் விமானங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக 1,000 அடி இடைவெளியில் பறக்கின்றன. அதற்குத் துல்லியமான உயரமானி வேண்டும்; அது இருப்பதற்கான அடையாளமாகக் கருவிகள் கட்டத்தில் W என்ற எழுத்தைப் போட வேண்டும். உயரம் F350, அதாவது 35,000 அடி என்று எழுதிவிட்டு W-வை விட்டுவிட்டால், இரண்டு கட்டமும் தனித்தனியே குறையில்லாதவைதான். சேர்த்துப் படித்தால்தான் தவறு தெரியும்.

கடைசியாக, கணினி அந்த விமானத்தைத் தன் மனத்துக்குள் ஒருமுறை பறக்கவிட்டுப் பார்க்கிறது எனலாம். எந்த இடத்தை எத்தனை மணிக்கு எந்த உயரத்தில் கடக்கும், அந்த நேரத்தில் அந்த வான்பாதை திறந்திருக்குமா, அந்த உயரத்தில் அப்படி ஒரு பாதை இருக்கிறதா என்றெல்லாம் கணக்கிடும். டிஸ்பேச்சர்களுக்கு ஒரு வசதியும் உண்டு. முறையாகத் தாக்கல் செய்யும் முன், ஐஎஃப்பியூவி என்ற சோதனை முறைக்கு அதே திட்டத்தை அனுப்பி, தேறுமா தேறாதா என்று தெரிந்துகொள்ளலாம். பரீட்சைக்கு முந்தைய நாள் அதே வினாத்தாளை எழுதிப் பார்ப்பது போல.

தானியங்கி வேலையில் இறங்கும் முன்பே உள்ளடக்கத்தைச் சோதித்து, ஆகாததைக் காரணத்தோடு வாசலிலேயே திருப்புவதற்கு இவ்வளவு நல்ல உதாரணம் வேறு துறைகளில் அரிது. அப்படியும் 2023 ஆகஸ்டில் ஒரு திட்டம் இந்த வாசலைக் கடந்து போய், பிரிட்டனின் வான் போக்குவரத்தையே நிலைகுலைய வைத்தது. அந்தத் திட்டத்தில் பிழை எதுவும் இல்லை என்பதுதான் இந்தக் கதையின் முக்கியமான செய்தி.

ஆகஸ்ட் 28, திங்கட்கிழமை. இங்கிலாந்தில் வங்கி விடுமுறை; கோடை முடியும் தறுவாய்; குடும்பம் குடும்பமாக மக்கள் ஊர் திரும்பும் நாள். உலக நேரப்படி காலை 8:32 மணிக்கு, லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பாரிஸின் ஓர்லி நிலையத்துக்குச் செல்லும் ஒரு விமானத்தின் திட்டம், பிரிட்டனின் வான் போக்குவரத்து நிறுவனமான நாட்ஸின் கணினிக்கு வந்தது. பிரிட்டன் வானத்துக்குள் நுழைய நான்கு மணி நேரம் இருக்கும்போது ஐஎஃப்பிஎஸ் திட்டத்தை அனுப்பிவைக்கும். அது வழக்கம். பாரிஸ் போகும் விமானம் பிரிட்டன் மேல் பறந்து கடந்து போவதும் வழக்கம்தான்.

அங்கே அந்தத் திட்டத்தை வாங்கிக்கொண்ட மென்பொருளுக்கு எஃப்பிஆர்எஸ்ஏ-ஆர் என்று பெயர். பெயர் நீளமே தவிர வேலை எளிது. வரும் திட்டங்களைப் படித்து, பிரிட்டன் வானத்துக்குள் வரும் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, கட்டுப்பாட்டாளர்கள் பயன்படுத்தும் மையக் கணினிக்குத் தர வேண்டும். 2018-இல் பணிக்கு வந்ததிலிருந்து ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட திட்டங்களை அது அப்படிப் படித்திருந்தது.

வெட்டியெடுப்பது எப்படி என்று புரிந்தால்தான் நடந்தது புரியும். அதன் கைக்கு வரும் திட்டத்தில் வழி இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கும். ஒன்று, விமான நிறுவனம் எழுதிய சுருக்கம். இன்ன புள்ளியில் இன்ன வான்பாதையில் ஏறி இன்ன புள்ளியில் இறங்கு என்று மட்டும் அதில் இருக்கும். நடுவே கடக்கும் புள்ளிகள் இருக்காது. சென்னையிலிருந்து மதுரைக்கு வழி சொல்பவர் திருச்சி சாலை என்று சொல்லிவிட்டு நடுவிலுள்ள ஊர்களை விட்டுவிடுவதைப் போல. மற்றொன்று, ஐஎஃப்பிஎஸ் விரித்து எழுதிய முழுப்பட்டியல். நடுப்புள்ளிகள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும்.

மென்பொருள் முதலில் முழுப்பட்டியலைப் பார்த்து, பிரிட்டனுக்குள் நுழையும் புள்ளி எது, வெளியேறும் புள்ளி எது என்று கண்டுகொள்ளும். பிறகு அந்த இரண்டு பெயரையும் சுருக்கத்தில் தேடும். அன்றைக்கு நுழையும் புள்ளி சுருக்கத்தில் இருந்தது. வெளியேறும் புள்ளி இல்லை. அது ஒரு வான்பாதையின் நடுவில் மறைந்திருந்தது. இதுவும் சகஜமே. அப்படி நேர்ந்தால் முழுப்பட்டியலில் அதற்கு அடுத்து வரும் புள்ளியைத் தேடு, அதுவும் இல்லாவிட்டால் அதற்கடுத்ததைத் தேடு என்று நிரலில் வழி வைத்திருந்தார்கள். தேடிக்கொண்டே போன மென்பொருளுக்கு கடைசியில் ஒரு பெயர் கிடைத்தது: DVL.

முழுப்பட்டியலில் இருந்த DVL, பிரான்சின் நார்மண்டிக் கரையிலுள்ள டோவில். சுருக்கத்தில் கிடைத்த DVL, அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்திலுள்ள டெவில்ஸ் லேக். இரண்டுக்கும் நடுவே சுமார் 3,600 கடல் மைல். கிலோமீட்டரில் சுமார் 6,700.

நம் ஊரில் எத்தனை புதூர் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் இதில் வியக்க ஒன்றுமில்லை. உலகம் முழுவதும் உள்ள ஐந்தெழுத்து வழிப்புள்ளிகளுக்கு ஒரே பெயர் இரண்டாம் முறை வராமலிருக்கச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு பொதுப் பதிவேடு வைத்திருக்கிறது. ஆனால் தரையிலுள்ள ரேடியோ வழிகாட்டி நிலையங்களின் மூன்றெழுத்துப் பெயர்கள் பழைய காலத்தவை. ஒரே பெயர் தொலைதூரத்தில் இன்னொரு முறை வரலாம். பக்கத்தில் வரக் கூடாது, அவ்வளவுதான். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பாரிஸுக்குக் குறுக்குவழியில் வளைந்து போகும் நீண்ட பயணம், இரண்டு DVL-ஐயும் ஒரே நாளில் கடந்துவிட்டது.

மென்பொருளின் கண்ணில் இப்போது அந்த விமானம் பிரிட்டனுக்குள் நுழையும் முன்பே பிரிட்டனை விட்டு வெளியேறுகிறது. வெட்டியெடுக்க வேண்டிய பகுதியின் முடிவு, தொடக்கத்துக்கு முன்னால் இருக்கிறது. இப்படி ஒன்று வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. எனவே அது கடுமையான பிழை என்று அறிவித்துவிட்டுத் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது.

நிறுத்திக்கொண்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. கட்டுப்பாட்டாளரின் திரைக்குத் தப்பான வழி போய்ச் சேர்வதைவிட எதுவும் போகாமலிருப்பது மேல். வானத்தில் விமானம் ஓரிடத்திலும் திரையில் வேறிடத்திலும் இருந்தால் விளைவு என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சந்தேகம் வந்தால் கடத்தாதே என்று அந்த மென்பொருளுக்குக் கற்றுத்தந்தவர்கள் சரியாகத்தான் கற்றுத்தந்தார்கள். தவறு அடுத்த அடியில் இருக்கிறது. ‘இந்தத் தாள் எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லி அந்த ஒரு தாளை ஓரமாக வைத்திருக்க வேண்டிய இடத்தில், ‘நான் வேலை செய்யும் நிலையில் இல்லை’ என்று அது கடையையே மூடியது. வரிசையில் அடுத்து நின்ற நூற்றுக்கணக்கான திட்டங்களுக்கும் DVL-க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மாற்று ஏற்பாடு இல்லாமலில்லை. முதல் கணினி நின்றால் உடனே பொறுப்பேற்க இரண்டாவது கணினி தயாராக இருந்தது. பொறுப்பேற்கவும் செய்தது. ஆனால் அதிலும் அதே மென்பொருள். அதற்கும் அதே திட்டம்தான் கொடுக்கப்பட்டது. அதே கணக்கைப் போட்டு, அதே DVL-இல் முட்டி, அதுவும் நின்றது. திட்டம் வந்ததிலிருந்து இரண்டும் நின்றது வரை 20 விநாடிகூட ஆகவில்லை. வன்பொருள் பழுதானால் இரண்டாவது கணினி காப்பாற்றும். சிக்கல் தாளில் இருக்கும்போது, எத்தனை கணினியை அடுக்கினாலும் தாள் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் வீழ்த்தும். கணினித் துறையில் இப்படிப்பட்ட தாளை விஷச் செய்தி என்பார்கள். இதற்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: குறிப்பிட்ட முறை முயன்றும் முடியாத வேலையைத் தனித் தட்டில் போட்டுவிட்டு, வரிசையை நகர விடுவது.

அதன்பின் நடந்தது பொறுமையைச் சோதிக்கும் கதை. மையக் கணினியில் முன்கூட்டியே சேர்ந்திருந்த திட்டங்கள் நான்கு மணி நேரத்துக்குப் போதும். அதற்குள் சரிசெய்துவிட்டால் வெளியே யாருக்கும் தெரியாது. முதல்நிலைப் பொறியாளர்கள் வழக்கமான வைத்தியங்களைச் செய்தார்கள், மறுபடி இயக்கிப் பார்ப்பது உட்பட. பலனில்லை. அடுத்த நிலைப் பொறியாளர் விடுமுறை நாளில் வீட்டில் இருந்தார். தொலைவிலிருந்து முயன்று முடியாமல் நிலையத்துக்கு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மென்பொருளைச் செய்து கொடுத்த ஃப்ரீக்வென்டிஸ் என்ற ஆஸ்திரிய நிறுவனத்தைத் தொடர்புகொண்டபோது, நான்கு மணி நேரம் கடந்திருந்தது.

இதற்கிடையில் திட்டங்களைக் கையால் உள்ளிடத் தொடங்கினார்கள். கையால் மணிக்கு சுமார் 60 திட்டம்தான் முடியும். ஐரோப்பாவின் மிகப் பரபரப்பான வானங்களில் ஒன்றுக்கு அது எந்த மூலைக்கும் போதாது. எனவே நாட்டுக்குள் வரும் விமானங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். விமானங்கள் ரத்தாயின, ஓடுபாதையில் காத்துக் கிடந்தன, பயணிகள் வெளிநாட்டு விமான நிலையங்களின் தரையில் படுத்துறங்கினார்கள். மொத்தம் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் பாதிக்கப்பட்டதாகப் பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் அமைத்த தனிக்குழுவின் அறிக்கை சொல்கிறது.

ஃப்ரீக்வென்டிஸ் பொறியாளர்கள் வந்து என்ன செய்தார்கள்? மென்பொருளின் அடிமட்டப் பதிவுகளை, சாதாரணமாக யாரும் திறந்து பார்க்காத லாக்குகளைப் படித்தார்கள். எந்தத் திட்டத்தைப் படிக்கும்போது நின்றது என்பது அங்கே இருந்தது. தாள் எது என்று தெரிந்ததும், எந்த வரிசையில் எதைச் செய்தால் கணினி பத்திரமாக எழும் என்று சொல்ல முடிந்தது. கணினி நின்று சுமார் ஆறு மணி நேரத்துக்குப் பிறகு அது மறுபடி ஓடத் தொடங்கியது.

ஆறு மணி நேரத்தில் பெரும்பகுதி போனது திருத்துவதில் அல்ல, எது என்று தெரியாமல்தான். தொடக்கத்தில் காட்டிய REJ பதிலை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். எழுத்துப் பிழையோடு வந்த ஒரு சாதாரணத் திட்டத்துக்கு, எந்தத் திட்டம், எந்தக் கட்டம், எந்தச் சொல் என்று பதில் போகிறது. எட்டரை மணிக்கு நாட்ஸ் பொறியாளரின் திரையில் அதே ஒழுங்கில், விமானத்தின் அழைப்புப் பெயரோடு, இப்படி ஒரே ஒரு வரி வந்திருந்தால்?

```
UK EXIT POINT (DVL) FOUND BEFORE ENTRY POINT
```

வரி கற்பனைதான். ஆனால் அதிலுள்ள செய்தி முழுவதும் அந்த மென்பொருளுக்கு அந்த விநாடியில் தெரிந்தவை. தெரிந்ததை யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர் கண்ணில் படும் இடத்தில் சொல்லவில்லை. முதல்நிலைப் பொறியாளர் அந்த ஒரு திட்டத்தை வரிசையிலிருந்து எடுத்துக் கட்டுப்பாட்டாளரிடம் கொடுத்திருப்பார். அவர் அந்த ஒன்றை மட்டும் கையால் உள்ளிட்டிருப்பார். மணிக்கு 60 செய்யக்கூடியவர்களுக்கு ஒன்று ஒரு நிமிட வேலை.

இந்த நிகழ்ச்சியிலிருந்து ஐஎஃப்பிஎஸ் இன்னும் கடுமையாகச் சோதித்திருக்க வேண்டும் என்று முடிவுக்கு வருபவர்கள் உண்டு. அது பொருந்தாது. அந்தத் திட்டம் சர்வதேச விதிகளின்படி சரியானது. ஒரே பெயர் இருமுறை வருவது விதியில் தடுக்கப்படவில்லை. வரிசையையும் வான்பாதைகளையும் வைத்துப் பார்த்தால் எந்த DVL எங்கே வருகிறது என்பதில் குழப்பமும் இல்லை. பிரஸ்ஸல்ஸ் அதைத் திருப்பியிருந்தால் ஒரு நல்ல திட்டத்தைத் திருப்பியதாகத்தான் ஆகியிருக்கும். வாசலில் நிற்பவருக்குத் தாள் சரியா என்று தெரியும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் அது புரியுமா என்று தெரியாது. ‘மேலே சோதித்துத்தான் அனுப்பியிருப்பார்கள்’ என்ற நம்பிக்கையில், வந்த தாளைத் தன் வேலைக்கு ஏற்றதா என்று தானே பார்த்துக்கொள்ளாத மென்பொருள்தான் இங்கே விழுந்தது. நுழையும் புள்ளி வெளியேறும் புள்ளிக்கு முன்னால் இருக்கிறதா என்று வெட்டும் முன் ஒருமுறை பார்த்து, இல்லையென்றால் அந்தத் திட்டத்தை மனிதரிடம் தள்ளிவிட்டிருந்தால், பெயர் இரட்டிப்பாகும் என்று முன்கூட்டியே ஊகித்திருக்கக்கூட வேண்டாம்.

நாட்ஸ் அடுத்து எடுத்த நடவடிக்கைகள் இதைத்தான் காட்டுகின்றன. ஐஎஃப்பிஎஸ்ஸிலிருந்து தன் கணினிக்கு வரும் வழியில் ஒரு வடிகட்டியைப் பொருத்தினார்கள். அன்றைய நிலைமையோடு பொருந்தும் திட்டம் ஏதாவது வந்தால், அது எஃப்பிஆர்எஸ்ஏ-ஆர் கைக்குப் போகும் முன்பே தனியே எடுக்கப்பட்டுவிடும். இதே நிலைமை மறுபடி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பொறியாளர்களுக்கு எழுத்தில் குறிப்பும் தந்தார்கள். மென்பொருளையே திருத்தும் வேலையும் நடந்தது. ஆகஸ்ட் 28-இல் விழுந்த கணினிக்குப் பின்னர் திருத்தப்பட்ட மென்பொருள் ஏற்றப்பட்டது.